ஏபிஎஸ் விளக்கை அணைக்க 28,500 ரூபாய் அழுதேன்

இன்று காலைதான் உண்மை தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது, கோபத்தில்.

ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ். மூன்று வாரம் முன்பு காரில் அதன் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. பிரேக் வழக்கம்போலப் பிடித்தது. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனர் மாட்டிய பையன் திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க சார், C0035. ஏபிஎஸ் யூனிட்டே போயிடுச்சு" என்றான். திரையைக் காட்டியதும் நம்பிவிட்டேன். முன் இடது சக்கரத்தின் வேக சென்சார் சர்க்யூட்டைக் குறிக்கிற எண் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. 28,500 ரூபாய் கட்டினேன். விளக்கு அணைந்தது.

நான்காம் நாள் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் மறுபடி எரிந்தது. போன் செய்தால், "ஓட்டிப் பாருங்க, செட் ஆகும்." நேரில் போனால், "சூப்பர்வைசர் லீவு." மூன்றாம் முறை, "எலெக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது சார்."

இன்று எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். ஸ்டியரிங் திருப்பும்போது சென்சார் ஒயர் உரசி, உள்ளே அறுந்து அறுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. புது சென்சார் 1,900 ரூபாய். அப்புறம் பானெட்டைத் திறந்து காட்டினார். யூனிட்டின் பைப் நட்டுகளில் பழைய தூசி அப்படியே இருக்கிறது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. மாற்றியிருந்தால் பிரேக் ஆயிலும் புதிதாக ஊற்றியிருக்க வேண்டும், டப்பாவில் அதே பழுப்பு ஆயில். ஸ்கேனரில் அந்த C0035 எண்ணை அழித்து அனுப்பியதற்கா 28,500 ரூபாய்!

இடையில் ஒரு நாள் தூறலில் முன்னால் ஆட்டோ திடீரென நின்றது. ஓங்கி மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போனது. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தேன்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து பெடல் வழக்கம்போல இருந்தால் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டலாம். முன் வண்டியோடு இரு மடங்கு இடைவெளி விடுங்கள், மழையிலும் மணலிலும் இன்னும் கூடுதலாக. சக்கரம் வழுக்கினால் பெடலைச் சற்று விட்டு மறுபடி மிதியுங்கள், அப்போதுதான் ஸ்டியரிங் கேட்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ பெடல் கீழே இறங்கினாலோ ஓட்டவே வேண்டாம், ஓரங்கட்டி வண்டியைத் தூக்கிப்போக ஆள் கூப்பிடுங்கள்.

வண்டி ஓடும்போது ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் காட்டச் சொல்லுங்கள். மூன்று 20 காட்டி ஒன்று பூஜ்யம் என்றால் கோளாறு அந்தச் சக்கரத்துப் பக்கம்தான். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் கேட்கவில்லை. 28,500 ரூபாய்.