ஒரு கடிதம், இரண்டு எழுத்துருப் பெட்டிகள்: நான்கு ஆண்டு அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "அலுவலகக் கடிதத்துக்கு எந்தத் தமிழ் எழுத்துரு நல்லது? நான் ஒரே பக்கத்தில் அடக்கி அனுப்பினேன். அவர்கள் அச்சிட்டபோது கையெழுத்தும் பெயரும் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டன." எழுத்துருவின் பெயரைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவருடைய கோப்பைத் திறந்து பார்த்ததும் முடிக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக என்னை விடாமல் படுத்திக்கொண்டிருக்கும் அதே விஷயம் அங்கேயும் உட்கார்ந்திருந்தது.

நான் எழுதுவது லிப்ரே ஆபிஸ் ரைட்டரில். எழுத்துரு Noto Serif Tamil. முதலில் எழுத்துருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குக் குறையே இல்லை. 11 பாயிண்டிலும் மேல்விலங்குச் சுழி அடைந்துபோகாமல் 'கீ', 'மீ' தெளிவாக விழுகின்றன. தடித்த எழுத்து அதற்கென்றே தனியாக வரையப்பட்டிருப்பதால், தலைப்புகளில் மை பரவியதுபோன்ற தோற்றம் இல்லை. கட்டணம் கிடையாது, யாருடைய கணினியிலும் நிறுவலாம், கோப்புக்குள் பொதிந்தும் அனுப்பலாம், உரிமம் தடுக்காது. அச்சில் இதன் பக்கத்தைக் கையில் எடுக்கும்போது இன்றும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

எரிச்சல் எழுத்துருவில் இல்லை, அதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறது. எழுது செயலிகள் பலவும் எழுத்துகளை இனம் பிரித்து வைத்திருக்கின்றன. ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஒரு பெட்டி. தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு இன்னொரு பெட்டி. ரைட்டரில் அதன் பெயர் Complex, அல்லது CTL. வேர்டின் எழுத்துருச் சாளரத்தில் Complex scripts. எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாமே இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனி. முதல் பெட்டியில் என்ன பெயர் கொடுத்தாலும் தமிழ் எழுத்துகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம்.

நண்பருடைய கோப்பில் நடந்தது அதுதான். பாணிச் சாளரத்தில் முதல் பெட்டியில் மட்டும் Noto Serif Tamil என்று கொடுத்திருந்தார். தமிழ்ச் சொல்லின் நடுவே கர்சரை வைத்ததும் கருவிப்பட்டையில் தெரிந்த பெயர் Lohit Devanagari. "அந்தப் பெயரை நானும் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தானே தெரிகிறது என்று விட்டுவிட்டேன்" என்றார். நன்றாகத் தெரிந்ததுதான் வினை. அந்தத் தேவநாகரி எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் கிடையாது. ஆகவே கணினி சத்தமில்லாமல் தன்னிடமிருந்த Lohit Tamil எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொண்டது. கடிதம் போய்ச் சேர்ந்த இடத்திலோ விண்டோஸ் கணினி. அது தன் பங்குக்கு Nirmala UI போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளும். இரண்டு இடத்திலும் தமிழ் தெரியும், ஒரு கட்டமோ கேள்விக்குறியோ வராது. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை.

வரி இடைவெளி இங்கேதான் காலை வாருகிறது. 'Single' என்று வைத்தால் வரியின் உயரத்தை எழுத்துருவே தீர்மானிக்கிறது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் அந்த உயரம் வேறு. ஏ4 தாளின் உயரம் 842 பாயிண்ட். மேலும் கீழும் ஓர் அங்குலம், அதாவது 72 பாயிண்ட் விட்டால் மிச்சம் 698. ஓர் எழுத்துரு வரிக்கு 16 பாயிண்ட் எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 43 வரிகள். மாற்றாக வந்தது 18 பாயிண்ட் எடுத்துக்கொண்டால் 38 வரிகள்தான். நண்பருடைய கடிதம் 40 வரிகள். கடைசி இரண்டு வரிகளில் என்ன இருக்கும்? கையெழுத்துக்கான இடமும் பெயரும்தான்.

இதற்கு நான் கடைப்பிடிப்பது, வரி உயரத்தை எண்ணாகவே கொடுத்துவிடுவது. ரைட்டரில் Fixed, வேர்டில் Exactly. 11 பாயிண்ட் எழுத்துக்கு 17 பாயிண்ட் வரி. 40 வரிகள் 680 பாயிண்டில் அடங்கிவிடுகின்றன, ஒரு வரிக்கு இடமும் மிஞ்சுகிறது. ஆனால் இந்த எண்ணை ஆங்கிலப் பழக்கத்தில் கொடுத்துவிடக் கூடாது. 11 பாயிண்ட் ஆங்கிலத்துக்கு 13 போதும் என்று அதையே தமிழுக்கும் வைத்தால், 'கீழ்' என்ற சொல்லில் சுழியின் மேல்வளைவு சீவிவிட்டதுபோல் வெட்டுப்பட்டு நிற்கும். நான் எந்த எழுத்துருவையும் இரண்டு வரிகளை அடித்துத்தான் சோதிக்கிறேன். மேலே 'குறும்பு சூழும் விழுது', அதற்கு நேர் கீழே 'நீதி மீட்சி கீழ்மை'. மேல்வரியின் கீழ்விலங்குகள் கீழ்வரியின் சுழிகளில் உரசக் கூடாது. சுழிகளின் உச்சியும் முழுதாக இருக்க வேண்டும். திரையில் 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நிலையான உயரம் எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். மாற்று எழுத்துரு அகலமாக இருந்தால் வரிகள் வேறு இடத்தில் மடங்கும். 40 வரி 43 ஆகலாம். ஆகவே முதல் வேலை இரண்டாவது பெட்டியைச் சரிசெய்வதுதான். ரைட்டரில் Tools, Options வழியாக மொழி அமைப்புக்குப் போய் Complex text layout என்பதை இயக்கி, மொழியைத் தமிழாக்குகிறேன். பிறகு Basic Fonts (CTL) பக்கத்தில் உரை, தலைப்பு, பட்டியல் எல்லாவற்றுக்கும் Noto Serif Tamil. ஆங்கிலப் பெட்டியில் அதன் உடன்பிறப்பான Noto Serif.

உடன்பிறப்பாகவே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எண்களுக்குச் சொந்தப் பெட்டி கிடையாது. தமிழ் வாக்கியத்தின் நடுவே வரும் 2500, தனக்கு முன்னால் உள்ள தமிழைப் பின்பற்றி இரண்டாவது பெட்டிக்குப் போகிறது. அட்டவணையில் தனியாக நிற்கும் அதே 2500 ஆங்கிலப் பெட்டிக்குப் போய்விடுகிறது. இரண்டு பெட்டிகளிலும் சம்பந்தமில்லாத எழுத்துருக்கள் இருந்தால், ஒரே பக்கத்தில் ஒரே தொகை இரண்டு முகத்தோடு நிற்கும். தொகையைத் திருத்தியிருக்கிறார்களோ என்ற சந்தேகத்தை ஒரு முறையான ஆவணம் கிளப்பக் கூடாது. என் ஒப்பந்த வரைவு ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

இத்தனைக்கும் நடுவில் எதிர்பாராமல் கிடைத்த துணை ஒன்று உண்டு. பிடிஎஃப் கோப்பு தனக்குள் எந்தெந்த எழுத்துருக்கள் இருக்கின்றன என்பதை மறைக்காமல் சொல்லிவிடும். பிடிஎஃப் படிப்பான்கள் பலவற்றில் கோப்பின் பண்புகளைத் திறந்தால் எழுத்துருப் பட்டியல் இருக்கும். நான் pdffonts கட்டளையைப் பயன்படுத்துகிறேன். நண்பருடைய கடிதத்தில் பாணியைச் சரிசெய்த பிறகும் பட்டியல் இப்படி வந்தது. தேவையான பகுதியை மட்டும் தருகிறேன்:

```
name                            type       emb
BAAAAA+NotoSerif-Regular        TrueType   yes
CAAAAA+NotoSerifTamil-Regular   TrueType   yes
DAAAAA+Lohit-Tamil              TrueType   yes
```

emb நிரலில் எல்லாம் yes. அதாவது மூன்றும் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன, எங்கே அச்சிட்டாலும் மாறாது. ஆனால் மூன்றாவது அங்கே இருக்கக் கூடாதே! தேடிப் பார்த்ததில், பழைய கடிதத்திலிருந்து ஒட்டிய ஒரு பத்தி தன் பழைய வடிவமைப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தது. அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Ctrl+M அழுத்தியதும் நேரடி வடிவமைப்பு நீங்கிப் பாணிக்குத் திரும்பியது. மறுபடியும் பிடிஎஃப் ஆக்கினோம். பட்டியலில் இரண்டே வரிகள். கண்ணால் அந்தப் பத்தியின் வேறுபாட்டை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

அதே கடிதத்தில் யூனிகோடு தவறு ஒன்றும் இருந்தது. 'கௌரவ' என்று தேடினால் கிடைக்கவில்லை, கண்ணெதிரே அந்தச் சொல் இருந்தது. கொம்புக்காலும் 'ள' எழுத்தும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்திருந்தார். எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து Alt+X அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும்: சரியான ஔகாரக் குறி 0BCC, இவர் அடித்தது 0BB3. அச்சில் தெரியாது, ஆனால் பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தினாலோ தேடினாலோ அந்தப் பெயர் காணாமல் போய்விடும். ஒரே அடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று மட்டும் யாரும் இறங்க வேண்டாம். 'தெளிவு', 'வெள்ளி' இரண்டிலும் கொம்பும் 'ள'வும் முறையாகவே சேர்ந்து நிற்கின்றன. மொத்தமாக மாற்றினால் அவை உடைந்து, நடுவே புள்ளி வட்டம் முளைக்கும். கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும். நண்பருடைய கடிதத்தில் மூன்று இடங்கள்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு என் பதில். எழுத்துரு? தயங்காமல் Noto Serif Tamil. அமைப்புகளைச் சரியாகச் செய்துவிட்டால் எந்தக் கணினியிலும் பக்கம் அசையவில்லை, இதை நான்கு ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன். ஆனாலும் இதே முறையைப் பின்பற்றுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் ஒரு கடிதம் எழுத வருகிறவர் Complex என்ற பெயருடைய இரண்டாவது பெட்டியைத் தேடித் திறக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு பாணியிலும் அது சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் ஏற்க முடியாததாகவே இருக்கிறது. தாய்மொழியில் எழுதுவது எப்படிச் சிக்கலான எழுத்துமுறை ஆகும்?

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: திருத்தக்கூடிய கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், கட்டாயம் என்றால் Embed fonts என்பதை இயக்கிய பிறகு அனுப்புங்கள், மற்றபடி பிடிஎஃப். நேற்று அந்தக் கடிதத்தை மீண்டும் அனுப்பினார். கையெழுத்து முதல் பக்கத்திலேயே இருக்கிறது.