வேர்டா, ஷீட்டா, பில்லிங் ஆப்பா? ஜிஎஸ்டி பதிந்த டிசைனருக்கு எது சரி

மாதம் நாலைந்து பில் போடும் டிசைனர் ஜிஎஸ்டி பதிவு எடுத்ததும் செய்யும் முதல் வேலை, பழைய பில்லின் தலையில் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்து, அடியில் 18% போடுவது. அது வரி இன்வாய்ஸ் ஆகிவிடாது. ஆனால் சட்டம் கேட்பதும் பெரிய பட்டியல் இல்லை.

ஜிஎஸ்டி விதி 46 கேட்பவை: உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்; 16 எழுத்துக்கு மிகாத, நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண்; தேதி; வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் அதுவும்; வேலையின் விவரமும் சேவைக் குறியீடும்; வரிக்கு முந்தைய தொகை, வரி விகிதம், வரித் தொகை; வெளிமாநில வேலை என்றால் எந்த மாநிலத்துக்கான சப்ளை என்பது; வரியை வாடிக்கையாளரே நேரடியாகக் கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் உண்டா இல்லையா; கையொப்பம். டிசைன் வேலைக்குக் குறியீடு 9983இல் தொடங்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை இந்த நான்கு இலக்கமே போதும். சில கம்பெனிகள் ஆறிலக்கம் கேட்கும். 998391 என்று போடலாம். வேலை முடிந்த 30 நாளுக்குள் பில் போயிருக்க வேண்டும்.

இத்தனையும் வேர்டில் அடங்கும், கூகுள் ஷீட்டில் அடங்கும், பில்லிங் ஆப்பிலும் அடங்கும். அனுப்பும் நாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அனுப்பிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வேறுபாடு. என் ஓட்டு ஷீட்டுக்கு.

வேர்ட், கேன்வா, இல்லஸ்ட்ரேட்டர் மூன்றையும் ஒரே கூடையில் போடலாம். பில் அழகாக வரும், டிசைனருக்கு அந்த ஆசை இருக்கத்தானே செய்யும்! ஆனால் புதிய பில் என்பது எப்போதும் பழைய பில்லின் நகல். உள்மாநில வேலைக்கு சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், வெளிமாநில வேலைக்கு ஐஜிஎஸ்டி. தமிழ்நாட்டு டிசைனர் கோயம்புத்தூர் வாடிக்கையாளருக்குப் போட்ட சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரிகள் பெங்களூரு வாடிக்கையாளரின் பில்லிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கூட்டுத்தொகை சரியாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. வரியையும் அப்படியே கட்டிவிட்டால், ஐஜிஎஸ்டியைத் தனியாகக் கட்டி, தவறிக் கட்டியதை ரீஃபண்ட் கேட்க வேண்டும். பில் எண்ணும் இப்படித்தான்: இரண்டு பில்லுக்கு ஒரே எண், அல்லது நடுவில் ஓர் எண்ணே காணோம்.

பில்லிங் ஆப்பில் இந்தத் தொல்லை இல்லை. எண் தானாக ஏறும், மாநிலத்தைப் பார்த்து வரி பிரியும். ஸோஹோ இன்வாய்ஸ் போல இலவசமானவையும் உண்டு. மாதம் இருபது, முப்பது பில் என்றால் யோசிக்காமல் அந்தப் பக்கம் போகலாம். நாலைந்து பில்லுக்கு அது தேவைக்கு மேற்பட்ட ஏற்பாடு. பின்னால் வேறு ஆப்புக்கு மாறினால் பழைய பில்களை வெளியே எடுத்து வைப்பதும் உங்கள் பொறுப்பு. கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

ஷீட் முறையில் பில்லுக்கு முன்னால் பதிவேடு வருகிறது. ஒரு தாளில் ஒரு பில்லுக்கு ஒரு வரிசை: A பில் எண், B தேதி, C பெயர், D முகவரி, E ஜிஎஸ்டி எண், F விவரம், G மாநிலக் குறியீடு, H வரிக்கு முந்தைய தொகை, I சிஜிஎஸ்டி, J எஸ்ஜிஎஸ்டி, K ஐஜிஎஸ்டி, L மொத்தம், M நிலை. இன்னொரு தாள்தான் வாடிக்கையாளருக்குப் போகும் பில். அதில் பில் எண்ணை மட்டும் அடித்தால் மற்றதை `VLOOKUP` இழுத்து வரும். தமிழ்நாட்டு டிசைனருக்கு வரி நெடுவரிசைகள் இப்படி இருக்கும். 33 என்பது தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு. முதல் சூத்திரம் I, J இரண்டுக்கும், அடுத்தது Kக்கு:

```
=IF(G2="33", ROUND(H2*9%,2), 0)
=IF(OR(G2="33",G2="EXP"), 0, ROUND(H2*18%,2))
```

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை வைத்தே மாநிலத்தை எடுக்கலாமே என்று தோன்றும். ஜிஎஸ்டி எண் இல்லாத உள்ளூர் வாடிக்கையாளர் வந்தால் அந்தச் சூத்திரம் அவரை வெளிமாநிலம் ஆக்கிவிடும். அதனால் G தனியாகவே இருக்கட்டும். எண் இல்லாதவருக்கு முகவரியில் உள்ள மாநிலம். A, E, G மூன்றையும் Plain text ஆக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டெல்லியின் 07 வெறும் 7 ஆகிவிடும், 33 எண்ணாகப் பதிந்து சூத்திரம் ஏமாந்துவிடும். EXP என்பது எல்யுடி எனும் உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்துவிட்டு வரியில்லாமல் அனுப்பும் ஏற்றுமதி வேலைக்கு. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு உள்ளே இருக்கும் கம்பெனி சென்னையிலேயே இருந்தாலும் அது வெளிமாநில சப்ளை போலத்தான்; எல்யுடி இருந்தால் அதற்கும் EXP.

ஒரு பில்லைப் பார்ப்போம். கோயம்புத்தூர் டிசைனர் பெங்களூரு கம்பெனிக்குப் பேக்கேஜிங் டிசைன் செய்கிறார். எண் D/25-26/007, மாநிலக் குறியீடு 29, தொகை ரூ.60,000, ஐஜிஎஸ்டி ரூ.10,800, மொத்தம் ரூ.70,800. கம்பெனி 10% டிடிஎஸ் பிடித்தால் அது 60,000க்குத்தான், 70,800க்கு இல்லை. ஆக ரூ.6,000 போக வங்கிக்கு வர வேண்டியது ரூ.64,800. ரூ.63,720 வந்திருந்தால் வரி சேர்த்த தொகைக்குப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பில்லில் வரியைத் தனியாகக் காட்டியிருந்தால் இதைச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது.

இப்போது கம்பெனி ஒரு லேபிள் வேண்டாம் என்று ரூ.5,000 குறைக்கச் சொல்கிறது. ஷீட்டை ஆதரிப்பதற்குக் காரணமும், அதில் பயப்பட வேண்டியதும் இந்த இடம்தான். கை பரபரக்கும்: H-இல் 60,000ஐ 55,000 ஆக்கி, அதே எண்ணில் புது பிடிஎஃப் அனுப்பினால் முடிந்தது என்று. ஆனால் அவர்கள் கணக்கில் முதல் பில்லின் ரூ.10,800, தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியாக ஏற்கெனவே ஏறியிருக்கும். உங்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 வழியாக அவர்களுக்குத் தெரிவதோ ரூ.9,900. இரண்டும் ஒட்டாது; அவர்கள் ஆடிட்டர் அடுத்த பேமென்டை நிறுத்தி வைப்பார். அனுப்பிய வரிசையைத் தொடாமல், குறைத்த தொகைக்கு மட்டும் தனித் தொடர் எண்ணில் கிரெடிட் நோட் போட வேண்டும்: ரூ.5,000, ஐஜிஎஸ்டி ரூ.900, மூல பில்லின் எண்ணும் தேதியும். இதை ரிட்டர்னில் காட்ட, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசம். வருடாந்திர ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதுவரைதான்.

ஆப்பில் கிரெடிட் நோட்டுக்குத் தனிப் பொத்தான் இருக்கும். ஷீட்டில் நாமேதான் வேலி போட வேண்டும். பில் போனதும் அந்த வரிசையை Protect range-இல் ‘Show a warning when editing this range’ வைத்துப் பூட்டி, பிடிஎஃப்பைத் தனிக் கோப்புறையில் போடுங்கள். பழைய வரிசையில் முகவரியைத் திருத்திவிட்டால் ஷீட்டிலிருந்து மறுபடி எடுக்கும் பில்லும் மாறிவிடும். அனுப்பிய பிடிஎஃப்தான் ஆவணம். ரத்தான பில்லின் வரிசையை அழிக்காமல் M-இல் ‘ரத்து’ என்று எழுதுங்கள். ஜிஎஸ்டிஆர்-1இன் 13ஆம் அட்டவணை, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போட்டீர்கள், எத்தனை ரத்து என்றுதான் கேட்கிறது. பதிவேட்டை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால் விடை கிடைக்கும். வேர்ட் கோப்புறையில் இதே விடைக்கு ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டும்.

அட்வான்ஸ் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேவைக்கு அட்வான்ஸ் கைக்கு வந்தாலே வரிப் பொறுப்பு வந்துவிடும். பணம் கேட்டு அனுப்பும் முன்மாதிரி பில்லான புரோஃபார்மாவை மட்டும் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தபின் வரி இன்வாய்ஸ் போடலாம் என்று இருந்தால் ஒரு மாதத்து வரி விடுபடும். பணம் வந்ததும் அந்தத் தொகைக்கே ஒரு வரி இன்வாய்ஸ் போட்டு வரிசையில் ஏற்றுவது எளிது. புரோஃபார்மாவுக்கு இந்தத் தொடர் எண்ணைத் தராதீர்கள்.

இது ஒருவர் மட்டும் பில் போடும் இடத்துக்கான கணக்கு. இரண்டு பேர் ஒரே ஷீட்டைத் தொடும் ஸ்டுடியோவுக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்; பூட்டிய வரிசையை இன்னொருவர் திறந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே ஆப்பே மேல். வேலையில் பெரும்பகுதி டாலரில் என்றாலும் அப்படித்தான்: எல்யுடியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும், மாற்று விகிதத்தைப் பில் பில்லாகக் குறிக்க வேண்டும், இந்த ஷீட்டில் அதற்கு இடம் வைக்கவில்லை.