முன்னூறு சட்டையா, அறுபது சட்டையா: கோண்டாவில் தையல்காரி ஒருத்தியின் கணக்கு

கதையில் வருபவளுக்கு யசோதா என்று பெயர் வைத்துக்கொள்வோம். கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் இரண்டு மெசின், ஒரு ஓவர்லொக். அயலில் உள்ள இரண்டு பிள்ளைகள் கூலிக்குத் தைக்க வருகிறார்கள். சாறி பிளவுஸ், பாவாடை சட்டை, பள்ளிக்கூட யூனிபோம் என்று வருடக்கணக்காக வீட்டு ஓடர் எடுத்தவள், போன வருடம் சிறுமிகளுக்கான பருத்திச் சட்டைகளைத் தானே வெட்டி, கழுத்துக்குள் தன் பெயர் போட்ட சின்ன லேபல் தைத்து விற்கத் தொடங்கினாள். படம் வட்ஸ்அப்பில் போகும், ஆட்கள் வீட்டுக்கு வந்து வாங்குவார்கள்.

யூலையில் யாழ் நகரத்துத் துணிக்கடைக்காரர் ஒருவர் அந்தச் சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, தீபாவளிக்கு முன்னூறு தைச்சுத் தருவியளோ? செப்ரெம்பர் நடுவில என்ர கையில கிடைக்கோணும். ஒண்டுக்கு ஆயிரத்தி அறுநூற்றி ஐம்பது. லேபல் எங்கட கடையின்ரதுதான். செக் ரெண்டு மாதத் திகதி போட்டுத் தருவன்."

மறுபக்கம் அவளிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. அதே தீபாவளிக்குத் தன் லேபலில் அறுபது சட்டை, ஒன்று 2600 ரூபா. கையிருப்பு 160,000 ரூபா. இரண்டையும் ஒன்றாகச் செய்ய மெசினும் போதாது, ஆளும் போதாது.

பார்த்த உடனே கடைக்காரரின் ஓடர்தான் பெரிதாகத் தெரியும். முன்னூறை 1650-ஆல் பெருக்கினால் 495,000 வருகிறது. றோலாக எடுத்தால் புறக்கோட்டையில் மீற்றருக்கு நல்ல விலை கிடைக்கும், ஒரே அடுக்கில் பல மடிப்பு வெட்டுவதால் துணியும் மிஞ்சும். துணி, லைனிங், சிப், நூல் எல்லாம் சேர்த்து ஒரு சட்டைக்கு ஆயிரம் ரூபாவுக்குள் முடித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். தையல் கூலி 350. கரண்ட், அயன், லொறிக் கூலிக்கு 50. ஆக 1400 அடக்கம், 250 மிச்சம், முன்னூறுக்கு 75,000.

இந்த 75,000 கைக்கு வந்து சேரும் வழியைப் பார்த்தால்தான் கதை மாறுகிறது. முன்னூறு சட்டையின் அடக்கம் 420,000. துணி வியாபாரி முதல் தடவை வருபவருக்குக் கடன் கொடுப்பதில்லை, கூலிப் பிள்ளைகளுக்குக் கிழமைக்குக் கிழமை காசு வேண்டும். கையிருப்பைக் கழித்தால் 260,000 குறைகிறது. எங்கள் ஊரில் இந்த இடத்தில் எல்லோரும் நினைப்பது நகையைத்தான். மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்று வைத்தால், யூலை நடுவில் அடகு வைத்து நவம்பர் நடுவில் செக் மாறும்வரை நாலு மாதம், 15,600 ரூபா. மிச்சம் 59,400.

அடுத்தது திரும்பி வரும் சட்டைகள். நூற்றுக்கு நாலு திரும்பும் என்று குறைவாகவே எடுப்போம், பன்னிரண்டு. சிப் பிசகும், கைக்குழி இழுபடும், ஒரு பக்கம் நிறம் மங்கியிருக்கும். பன்னிரண்டுக்கும் காசில்லை, 19,800 குறைகிறது. அவற்றை வீட்டில் விற்கலாம்தான், ஆனால் கழுத்தில் கடை லேபல் இருக்கிறது, பிரித்து மாற்ற வேண்டும். ஆக 39,600.

அதோடு முடியவில்லை. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்துச் சட்டை முடிப்பார்கள், வெட்டுகிற நாளும் சேர்த்தால் ஆறு கிழமை. அந்த ஆறு கிழமையும் நல்லூர்த் திருவிழாக் காலத்தோடு முட்டுகிறது. இருபத்தைந்து நாள் திருவிழா, தேர் தீர்த்தத்துக்குப் புதுச் சட்டை, சாறி பிளவுஸ் என்று வீட்டு ஓடர் குவிகிற நேரம். அந்த நாட்களில் கிழமைக்குச் சராசரி 8000 ரூபா அவள் கையில் நிற்கும். ஆறு கிழமைக்கு 48,000. அதை விட்டுத்தான் 39,600-ஐச் சம்பாதிக்க வேண்டும். செக் திரும்பினால் என்ன ஆகும் என்பதை இன்னும் தொடவே இல்லை. தீபாவளிக்கு விற்ற சட்டைக்குத் தீபாவளி முடிந்த பிறகுதான் காசு. அதுவரை கடைக்காரரின் வியாபாரத்துக்கு முதல் போட்டவள் யசோதா.

அப்படியென்றால் அறுபது சட்டைதான் நல்லதா? அவசரப்பட வேண்டாம். அங்கே வேறு விதமான பள்ளம் இருக்கிறது.

சில்லறையாகத் துணி எடுத்தால் விலை கூட. சின்ன அளவில் வெட்டினால் துண்டு விழுவதும் கூட. பிள்ளைகளுக்கும் ஒரு மாதிரி கைக்குப் பழகுமுன் அடுத்த மாதிரி வந்துவிடும், அதனால் கூலி 450. லேபல், பை எல்லாம் சேர்த்து அடக்கம் 1750. 2600-க்கு விற்றால் 850 மிச்சம். அறுபதும் போனால் 51,000. அறுபதும் போகாது. போன வருட அனுபவத்தை வைத்து அவள் எழுதிய கணக்கு இது: நாற்பத்திரண்டு முழு விலைக்கு, பத்து 1900-க்கு, எட்டு அலுமாரியில். முதலாவது 35,700 தரும், இரண்டாவது 1500 தரும், மூன்றாவது 14,000 தின்னும். நிற்பது 23,200.

அந்த எட்டு ஏன் நிற்கிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். வீட்டுத் தையல்காரி உடம்பை அளந்து தைப்பவள். பிள்ளை முன்னால் நிற்கிறது, நாடா இருக்கிறது, பிழைத்தால் இரண்டாம் முறை பிரித்துத் தைக்கலாம். லேபல் போட்டு விற்பவளுக்கு முன்னால் பிள்ளை இல்லை. இருபத்திரண்டு, இருபத்திநாலு, இருபத்தாறு என்று நீளத்தை வைத்து அளவு போடுகிறாள். அளவுக்கு அளவு நீளத்தில் இரண்டு அங்குலம் கூட்டினால் போதும் என்று நினைத்தால், நெஞ்சும் தோளும் கைக்குழியும் பிசகும். நெஞ்சுச் சுற்று ஏறக்குறைய ஒரு அங்குலம் கூட வேண்டும், கைக்குழியை அதற்கேற்ப இறக்க வேண்டும், கழுத்து மிகச் சிறிதாகத்தான் வளரும். யசோதாவின் இருபத்தாறு போன வருடம் நின்றது இதனால்தான்: பார்க்க நீளம் சரி, போட்டுப் பார்த்தால் கைக்குழி பிடித்தது. ஒரு அளவு முழுதாக நின்றால் பிழை பற்றனில், எல்லா அளவிலும் ஒவ்வொன்று நின்றால் பிழை துணியில் அல்லது விலையில். அலுமாரியில் எது மிஞ்சுகிறது என்று பார்த்தாலே இது புரியும்.

அவளிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பொருள் இருந்தது, அளவுக் கொப்பி. வருடங்களாக வந்த பிள்ளைகளின் நீளம், நெஞ்சு, தோள் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு இரவு இருந்து எண்ணிப் பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தெட்டு நீளத்துப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். முப்பது மிகக் குறைவு. கடைக்காரரோ ஐந்து அளவிலும் சரிக்குச் சரி அறுபது கேட்டிருந்தார். அவர் கேட்டபடி தைத்தால் முப்பது அளவு கடையில் தேங்கும், மறுதடவை ஓடர் வராது, பழி சட்டையின் மேல் விழும்.

துணியிலும் ஒரு விடயம். புதுப் பருத்தித் துணி சுருங்கும். ஐம்பது சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி, தோய்த்து, வெயிலில் காயவிட்டு அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தால் நூற்றுக்கு நாலு. இருபத்தாறு அங்குலச் சட்டை முதல் தோய்ச்சலிலேயே ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும். அறுபது சட்டைக்குத் துணியை முன்கூட்டித் தோய்த்துக் காயவிடலாம், விறாந்தைக் கொடி போதும். முன்னூறு சட்டைத் துணிக்கு அது நடக்காது. பற்றனிலேயே சுருக்கத்துக்கு இடம் விட வேண்டும், றோலுக்கு றோல் சோதிக்கவும் வேண்டும்.

பலர் இந்தத் தெரிவைப் பெயர் பிரச்சினையாகப் பார்ப்பார்கள்: தன் லேபலா, கடை லேபலா. என் கணிப்பு வேறு. முதல் ஓடரில் லேபலுக்காகச் சண்டை பிடிப்பது வீண். முன்னூறு சட்டை தைத்தால் பிள்ளைகளின் கை பழகும், அளவு சீராகும், அது அவளிடம்தான் நிற்கும். பார்க்க வேண்டியது துணியில் முடங்கும் காசு யாருடையது என்பதைத்தான். அதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு தெரிவுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று தெரியும்.

யசோதா கடைக்குப் போனாள்.

"அண்ணை, முன்னூறு என்னாலை ஏலாது. நூற்றைம்பது தைக்கிறன். துணி, லைனிங், சிப் எல்லாம் நீங்கள் எடுத்துத் தாங்கோ. வெட்டித் தைச்சு, அயன் பண்ணித் தாறன். ஒண்டுக்கு அறுநூறு. கிழமைக்கு ஐம்பது தருவன், அண்டைக்கே காசு."

"லேபல்?"

"உங்கட லேபல்தான். பற்றன் மட்டும் என்னட்டை இருக்கும், தரமாட்டன்."

கடைக்காரர் சிரித்துவிட்டு 500 என்றார். 560-இல் நின்றது. கூலி 350, நூல், கரண்ட், அயன் 80 போனால் ஒரு சட்டைக்கு 130 மிச்சம். அடகு வட்டியும் திரும்பிய சட்டைகளும் கழித்த முன்னூறு சட்டைக் கணக்கில் ஒன்றுக்கு நின்றது 132. ஏறக்குறைய அதே காசு, ஆனால் அவள் வெளியே போட வேண்டியது கிழமைக் கூலியும் நூலும்தான். கடைக்காரருக்கும் பெரிய நட்டமில்லை. துணியை அவர் றோலாக மலிவாக எடுப்பார், சட்டை ஒன்று பழைய விலையைவிடக் குறைவாகத்தான் முடியும். இரண்டு மாதத் தவணையை மட்டும் இழந்தார்.

நூற்றைம்பது மூன்று கிழமையில் முடியும். அதனால் நல்லூர் ஓடரில் பாதியாவது தப்பும், தன் லேபலில் முப்பத்தாறு சட்டை தைக்கவும் இடமிருக்கும். அந்த முப்பத்தாறும் இருபத்தாறு, இருபத்தெட்டில் மட்டும், திருத்திய கைக்குழியோடு. கடைக்கும் அளவுப் பங்கை அளவுக் கொப்பியின்படி மாற்றச் சொன்னாள், அவர் முப்பதைக் குறைக்கச் சம்மதித்தார்.

இந்த வழியிலும் முள் இருக்கிறது. துணி மற்றவருடையது என்றால், துணிக் கணக்கும் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். றோலில் அறுபது மீற்றர் என்று எழுதியிருக்கும், விரித்தால் ஐம்பத்தெட்டாக இருக்கும். அளக்காமல் வெட்டிவிட்டால் குறைந்த இரண்டு மீற்றரும் அவள் தலையில். அதனால் முதல் றோல் வந்த அன்று அவள் வெட்டவில்லை. கொண்டுவந்த பையனை நிற்பாட்டி, மேசையில் விரித்து அளந்து, நீளத்தையும் சுருக்கச் சோதனையின் அளவையும் ஒரு துண்டில் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கிக் கடைக்கு ஒரு பிரதி அனுப்பினாள். வெட்டுத்துண்டு யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதினாள்: ஒரு முழத்துக்கு மேற்பட்டது கடைக்கு, மற்றது அவளுக்கு. கடைக்காரர் போன் எடுத்து, "இதென்ன தங்கச்சி, கோட்டுக்குப் போற மாதிரி எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டார். "ரெண்டாவது றோலுக்கும் இப்பிடித்தான் அண்ணை வரும்" என்றாள் அவள்.