வேர்வையில் எது நிற்கும்: அத்தரா, ஸ்ப்ரேயா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலை அலுவலகத்தில் எனக்கு வேலை. பாதி நாள் ஏர்கான் அறை, மீதி நாள் எடைமேடைப் பக்கம் லாரிகளோடு வெயிலில். ஸ்ப்ரேயை விட்டு அத்தருக்கு மாறியவன் நான். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ப்ரேயின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆல்கஹால் சட்டென்று ஆவியாகும்போது வாசனையையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. ஆள் உள்ளே நுழையும் முன்பே வாசனை நுழைந்துவிடும். அத்தருக்கு அந்த வீச்சு கிடையாது, பக்கத்தில் வந்து நிற்பவருக்குத்தான் தெரியும். கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ப்ரேயே வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே மாதிரி மல்லிகை வாசனையில் இரண்டையும் வாங்கி, ஒரு காலையில் இடது மணிக்கட்டில் அத்தர், வலதில் ஸ்ப்ரே என்று போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நம் மூக்கு நம் வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்பதால் தீர்ப்பை மற்றவரிடம் விட வேண்டும். பத்து மணித் தேநீருக்குக் கணக்குப் பிரிவு அக்காவிடம் இரண்டு கையையும் நீட்டினேன். "ரெண்டும் இருக்குது தம்பி, வலது கொஞ்சம் கம்மி" என்றார். எடைமேடைக்குப் போய் நனைந்து திரும்பிய பிறகு மறுபடியும் கேட்டால், "இடதுதான். வலது கையில வேர்வை வாசம்தான் வருது" என்று சிரித்தார்.

ஆனால் எல்லா எண்ணெயும் இப்படி நிற்காது. பழைய முறை அத்தர், வட இந்தியாவில் அத்தருக்குப் பேர்போன கன்னோசியில் செய்வது போல, பூவைச் செம்புப் பானையில் நீரோடு காய்ச்சி, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி எடுப்பது. சந்தனம் விலை ஏறிய பிறகு மலிவுச் சரக்கில் வேறு திரவங்கள் வந்துவிட்டன. அதில் முக்கியமானது டிபிஜி என்கிற கிளைகால் வகை. ஆல்கஹால் இல்லை என்று எழுதி விற்கும் பல குப்பிகளில் இதுதான் இருக்கும். தோலுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அது தண்ணீரில் கலந்துவிடும், வேர்வையும் தண்ணீர்தானே. நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் பிசுபிசுக்கும், அப்புறம் வேர்வையோடு வழிந்து போகும். சந்தனம், ஹோஹோபா போன்ற எண்ணெயில் கரைத்தது தோலோடு ஒட்டி நிற்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். எண்ணெயாக இருந்தால் சொட்டாகவோ படலமாகவோ தனித்து நிற்கும். டிபிஜியாக இருந்தால் பால் கலந்த மாதிரி வெண்மையாகக் கலங்கிப் பரவும். கடைக்காரரிடம் "என்ன எண்ணெய்ல கலந்தீங்க பாய்?" என்று கேட்பதும் நல்லது. நல்ல கடைக்காரர் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

இன்னொன்று: எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனைகள் எந்தக் குப்பியில் வந்தாலும் சீக்கிரம் போய்விடும், அவை லேசானவை. சந்தனம், காஹாரு, அம்பர் வகைகள்தான் சாயங்காலம் வரை தாங்கும். அதனால் லேசான வாசனை பிடித்தவர் அத்தருக்கு மாறியும் பெரிய பலன் காண மாட்டார்.

போடும் முறையும் வேறு. ஸ்ப்ரேயை ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்கலாம். அத்தரில் குளித்துத் துவட்டிய தோலில் ஒரே தொடல்: மணிக்கட்டு, காதின் பின்புறம், முழங்கை மடிப்பு. இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்க வேண்டாம், மேலே நிற்கும் லேசான வாசனை சூட்டில் முன்னதாகவே போய்விடும். ரோல்-ஆன் குப்பியை வேர்வைத் தோலில் உருட்டினால் வேர்வையும் அழுக்கும் குப்பிக்குள் போகும். கண்ணாடிக் குச்சி வைத்த குப்பியைத் துடைத்த தோலில் தொடுவதுதான் சுத்தம்.

தோலைப் பொறுத்தவரை, சவரம் செய்த கழுத்தில் ஸ்ப்ரே எரியும், அத்தர் அவ்வளவாக எரியாது. அதற்காக ஆல்கஹால் இல்லாதது அலர்ஜியே தராது என்று நம்பிவிடாதீர்கள். அலர்ஜி தருவது பெரும்பாலும் வாசனைப் பொருள்தான். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். பெர்கமோட் என்கிற எலுமிச்சை இன வாசனை கலந்த எண்ணெயை வெயில் படும் கழுத்தில் போட்டால் சிவந்து எரிந்து, அப்புறம் கருத்த திட்டும் விழலாம். தோட்ட வெயிலில் நிற்பவர்கள் அதைச் சட்டைக்குள் மறையும் இடத்தில் போடுவது நல்லது.

அத்தர் தோற்கும் இடம் துணி. வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை விழுந்தால் லேசில் போகாது. பட்டுக்கு ஸ்ப்ரேயும் ஆபத்துதான் என்று என் மனைவி சொல்வார். பட்டு கட்டும் நாளில் அவர் வாசனையைத் தோலில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சேலையைத் தொடுவார். எனக்கு வேட்டி சட்டையோடு சரி, பட்டு விஷயத்தில் அவர் பேச்சுதான் எனக்குச் சட்டம்.