டெரெய்ன் ஜெனரேட்டர் காசு குடுத்து வாங்கப் போறீங்களா, முதல்ல இதைப் படிச்சிடுங்க

ரூ.22,000 போச்சு. எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நானும் ரூம்மேட்டும் வேளச்சேரில உக்காந்து யூனிட்டிங்கற கேம் எஞ்சின்ல ஒரு சின்ன ஓப்பன் வேர்ல்ட் கேம் பண்ணிட்டு இருக்கோம். மலை, பள்ளம்னு நிலத்தைத் தானா உருவாக்குற டெரெய்ன் ஜெனரேட்டரை நாமளே எழுத நேரம் இல்லன்னு, தெரிஞ்சவங்க மூலமா ஒரு ஃப்ரீலான்ஸர்கிட்ட போனோம். வடபழனில ஒரு டீக்கடைல லேப்டாப்பைத் திறந்து டெமோ காமிச்சாரு. மலை, பள்ளத்தாக்கு, புல்லு, லேசா பனிமூட்டம்னு பார்க்கவே அவ்ளோ நல்லா இருந்துச்சு. "முடிவே இல்லாத உலகம் ப்ரோ, நடந்துட்டே இருக்கலாம்"னு சொன்னாரு. 12,000 அட்வான்ஸ், ப்ரோகிராம் கோட் கைக்கு வந்த அன்னைக்கே மீதி 10,000. அன்னைக்கு நைட்டே ரன் பண்ணிப் பார்த்தா, ஒவ்வொரு 64 மீட்டருக்கும் நிலத்துல நேர்கோடா ஒரு வெட்டு. சில இடத்துல ஆள் உயரத்தைத் தாண்டி சுவர் மாதிரி நிக்குது, இடுக்கு வழியா கீழ வானம் தெரியுது.

ஃபோன் பண்ணா "அது நாய்ஸ்ல சகஜம் ப்ரோ, எட்ஜ் பிளெண்ட் போட்டுத் தரேன்"னாரு. சகஜம் எல்லாம் கிடையாது. நாய்ஸ் ஃபங்ஷன்ங்கறது ஒவ்வொரு இடத்துக்கும் உயரத்துக்கான ஒரு நம்பரைத் தர்ற ஃபார்முலா. ஒரே இடத்துக்கு எத்தனை தடவை கேட்டாலும் ஒரே நம்பரைத்தான் திருப்பித் தரும், அப்புறம் எப்படி பக்கத்து பக்கத்து சங்க், அதாவது உலகத்தைப் பிரிச்சுக் கட்டுற 64 மீட்டர் நிலத்துண்டு, ரெண்டும் ஒரே ஓரத்துல வேற வேற உயரம் காட்டும்?

நான் முதல்ல சந்தேகப்பட்டது 64ஆ 65ஆங்கற விஷயத்தை. 64 கட்டம் வேணும்னா 65 புள்ளி வேணும், கடைசிப் புள்ளியும் பக்கத்து சங்க்கோட முதல் புள்ளியும் ஒரே இடம். நிறைய பேர் சறுக்குறது அங்கதான், ஆனா அவர் அதைச் சரியாதான் போட்டிருந்தாரு. தப்பு அதுக்கு அடுத்த ஸ்டெப்புல இருந்துச்சு. நாய்ஸ் எடுத்து முடிச்சதும், அந்த சங்க்குக்குள்ள மட்டும் மினிமம், மேக்சிமம் கண்டுபிடிச்சு அதை 0லேர்ந்து 1க்கு இழுத்து விட்டிருக்காரு. அப்படிப் பண்ணா ஒவ்வொரு சங்க்குக்கும் ஒரு தனி அளவுகோல் ஆயிடும்.

நான் பிரிண்ட் பண்ணிப் பார்த்த ஒரு ஓரத்தைச் சொல்றேன், நம்பரை சுலபத்துக்காக ரவுண்ட் பண்ணிருக்கேன். ரெண்டு சங்க்கும் சேர்ற புள்ளில நாய்ஸ் மதிப்பு 0.5, ரெண்டு பக்கமும் அதே 0.5தான். இடது சங்க்குல மதிப்புகள் 0.2லேர்ந்து 0.8 வரைக்கும் இருக்கு, அதனால 0.5 வந்து 0.5ஆவே நிக்குது. வலது சங்க் கொஞ்சம் சமதளம், அங்க 0.35லேர்ந்து 0.6 வரைக்கும்தான், அதே 0.5 அங்க 0.6 ஆயிடுது. மேக்சிமம் உயரம் 40 மீட்டர்னா இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 24. நாலு மீட்டர் சுவர், நாய்ஸ் மேல ஒரு குத்தமும் இல்லாம.

டெமோல ஏன் தெரியலன்னா, அவர் காமிச்சது 512 மீட்டர்ல ஒரே ஒரு சங்க். ஓரமே இல்லாத இடத்துல கோடு எங்கேர்ந்து தெரியும்? ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்த்தப்பதான் எங்களுக்கு இது புரிஞ்சுது, ரொம்ப வலிச்சுது.

ரெண்டு நாள் கழிச்சு அனுப்பின "எட்ஜ் பிளெண்ட்" இதைவிட மோசம். ஓரத்துல இருக்குற ரெண்டு உயரத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து 22ன்னு வெச்சிருக்காரு. இடுக்கு மூடிடுச்சு, ஆனா ஒரு மீட்டர் உள்ள போனா இங்க 20தான், அங்க 24தான், ஆகவே சுவர் இருந்த இடத்துல இப்போ நேர்கோடா ஒரு செங்குத்துச் சரிவு. நாலு சங்க் சேர்ற மூலைல ஜோடி ஜோடியா சராசரி எடுக்கறதால கடைசியா எழுதினது மட்டும் ஜெயிச்சு, அங்கங்க குட்டி ஓட்டை. இன்னொண்ணு, பக்கத்து சங்க் இன்னும் லோட் ஆகலன்னா சராசரியே நடக்காது, கிழக்கேர்ந்து நடந்து வந்தா ஒரு நிலம், மேற்கேர்ந்து வந்தா வேற நிலம். ஒரு புள்ளியோட உயரம் அதோட உலக இடத்தையும் சீடுங்கற தொடக்க எண்ணையும் மட்டும்தான் நம்பி இருக்கணும், பக்கத்துல யார் லோட் ஆனாங்கன்னு பார்க்கவே கூடாது.

கடைசில நாங்களே மாத்தினது இவ்ளோதான்:

```csharp
int wx = cx * 64 + i;   // i = 0..64
int wz = cz * 64 + j;
float h = Fbm(wx * 0.013f, wz * 0.013f) / 1.875f;
h = Mathf.InverseLerp(0.2f, 0.8f, h) * 40f;
```

cx, cz ரெண்டும் சங்க்கோட வரிசை எண். Fbm நாலு நாய்ஸ் அடுக்கைக் கூட்டித் தருது, அந்த அடுக்கைத்தான் ஆக்டேவ்னு சொல்வாங்க. 1.875ங்கறது நாலு ஆக்டேவோட ஆம்ப்ளிட்யூட் கூட்டல், 1 + 0.5 + 0.25 + 0.125. 0.2, 0.8 ரெண்டும் உலகம் முழுக்க ஒரே நம்பர். 0.8க்கு மேல போற சிகரம் தட்டையா வெட்டுப்படும், அது பிடிக்கலன்னா ரேஞ்சை அகலமாக்குங்க, சங்க்குக்கு ஒண்ணுன்னு மட்டும் மாத்திடாதீங்க. இடத்தை முழு எண்ணா கூட்டிட்டு அப்புறம் ஸ்கேலால பெருக்குறதும் காரணமாத்தான், அப்போ ரெண்டு சங்க்கும் துளிகூட வித்தியாசம் இல்லாம அதே எண்ணைத்தான் நாய்ஸ்கிட்ட குடுக்கும்.

உயரம் சேர்ந்துடுச்சு, இடுக்கு இல்ல, ஆனாலும் சாயங்கால வெயில்ல மெல்லிசா ஒரு கோடு தெரிஞ்சுது. இதுதான் நிறைய பேரைக் குழப்புறது. நார்மல்ங்கறது அந்த இடத்துல நிலம் எந்தப் பக்கம் பார்த்து இருக்குங்கற திசை, வெளிச்சம் அதை வெச்சுத்தான் விழும். அதைக் கணக்குப் போடுற `RecalculateNormals()` அந்த மெஷ்ல இருக்குற முக்கோணங்களை மட்டும்தான் பார்க்கும், ஓரத்துப் புள்ளிக்கு அந்தப் பக்கம் நிலம் ஏறுதா இறங்குதான்னு அதுக்குத் தெரியாது. ஒரே புள்ளிக்கு ரெண்டு சங்க்கும் ரெண்டு நார்மல் வெச்சுக்குது, வெளிச்சம் அங்க உடையுது. பக்கத்து சங்க்கைக் கேட்கவே வேணாம், நாய்ஸையே ஒரு புள்ளி வெளிய தள்ளிக் கேட்டா போதும். -1லேர்ந்து 65 வரைக்கும், 67க்கு 67 உயரம் எடுத்துக்கிட்டு, மெஷ் மட்டும் நடுவுல இருக்குற 65க்கு 65ல கட்டுங்க:

```csharp
Vector3 n = new Vector3(H(x-1,z) - H(x+1,z), 2f,
                        H(x,z-1) - H(x,z+1)).normalized;
```

Hங்கறது அந்தப் புள்ளியோட உயரம். அந்த 2f, புள்ளிகளுக்கு நடுவுல 1 மீட்டர் இருக்குறதால. இடைவெளி மாறினா அதோட ரெண்டு மடங்கு போடணும். உயரத்தை பிளர் பண்ற ஆளா இருந்தா வெளிப்பக்கம் ஒரு வரிசை பத்தாது, பிளர் எத்தனை புள்ளி எட்டுமோ அத்தனை வரிசை கூடுதலா எடுக்கணும். தூரத்து சங்க்குக்குப் புள்ளி குறைக்கிறப்ப வர்ற இடுக்கு வேற கதை, அதுக்கு ஓரத்துல கீழ்நோக்கிப் பாவாடை மாதிரி மெஷ் தொங்க விடுறது நியாயமான வழிதான், ஆனா ரெண்டு சங்க்கும் ஒரே அளவுல இருக்கறப்ப பாவாடை போட்டுத் தராருன்னா உயரமே சேரலன்னு அர்த்தம்.

மீதிக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி புல்லு, டெக்ஸ்சர், பனிமூட்டம் எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுங்க. வெறும் சாம்பல் மெட்டீரியல், சூரியன் தரையோட சாய்ஞ்சு, கேமரா நாலஞ்சு சங்க்கைத் தாண்டிப் போகணும். கூடவே இதை ஓட்டிக் காமிக்கச் சொல்லுங்க, `a` இடது சங்க்கோட 65க்கு 65 உயரம், `b` அதுக்கு வலது சங்க்கோடது:

```csharp
for (int j = 0; j <= 64; j++)
    Debug.Assert(a[64, j] == b[0, j]);
```

எங்க ஆளு குடுத்த கோட்ல இதை ஓட்டினப்ப 65 புள்ளில ஒண்ணுகூட தேறல. அந்த லாகை அப்படியே அவருக்கு அனுப்பினோம், பார்த்துட்டாருன்னு தெரியுது, பதில் இல்ல, அதுக்கப்புறம் ஃபோனும் எடுக்கல. அதே 512 மீட்டர் மலை வீடியோ இன்னும் அவர் ஸ்டேட்டஸ்ல ஓடிட்டு இருக்கு, கேமரா ஒரே மலையைச் சுத்திச் சுத்தி வரும், ஓரத்தைத் தாண்டவே தாண்டாது. அந்த மாதிரி வீடியோ யாராவது காமிச்சா, நேரா நடந்து காட்டச் சொல்லுங்க.