நாலு குறுவையாக முதலாளியின் கோபத்தை அறிக்கையாக்கிப் பார்த்ததில்

மன்னார்குடிப் பக்கம் ஒரு விதை நிறுவனத்தில் கணக்கும் ஆன்லைனும் என் பொறுப்பு. யாராவது ஃபேஸ்புக்கில் எங்களைத் திட்டினால், முதலாளி வாட்ஸ்அப் குழுவில் கொட்டித் தீர்ப்பார். அதை ஊர் பார்க்கும்படியான அறிக்கையாக்குவது என் வேலை. நாலு குறுவை பார்த்துவிட்டேன்.

முதல் வருஷம் சொல்லை மட்டும் மாற்றினேன். “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், தரமே எங்கள் உயிர்” என்று போட்டதும் கீழே ஒருவர் கேட்டார்: “அப்ப விதை முளைக்குமா, முளைக்காதா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலாளியின் கோபத்திலாவது நாலு தகவல் இருந்தது. அதையும் நான் வழித்துத் துடைத்துவிட்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் ஜூன் கடைசியில் ஒரு விவசாயி வீடியோ போட்டார். நாற்றங்கால் சொட்டை சொட்டையாகக் கிடக்கிறது, கையில் எங்கள் மூட்டையின் நீல அட்டை. இருபது நிமிஷத்தில் குழுவில் இது வந்தது:

“140 மூட்டை போயிருக்கு, ஒருத்தன்தான் கத்துறான்.”
“தண்ணிய வடிக்காம விதைச்சா எந்த விதை முளைக்கும்?”
“டெஸ்ட்ல 86 வந்த சரக்கு தம்பி.”
“எதிர்க்கடைக்காரன் வேலை. வக்கீல் நோட்டீஸ் விடு.”

இந்தத் தடவை அதை அப்படியே பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘காட்ட முடியுமா?’ என்று எழுதினேன். பில் புத்தகத்தைப் புரட்டினால் 140 என்பது அந்த ரகத்தின் மொத்த விற்பனை. வீடியோவில் இருந்த லாட்டில், அதாவது அந்த ஒரு தொகுப்பில், போனது 112. 140 என்று போட்டிருந்தால் மறுநாளே மாட்டியிருப்போம்.

86 சதவீத முளைப்பு உண்மைதான். சான்று நெல் விதைக்குக் குறைந்தது 80 வேண்டும், அதைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சோதனை மார்ச்சில் நடந்தது. அதன் பிறகு மூட்டை டீலர் கடையில் எப்படிக் கிடந்ததோ, ஈரம் ஏறியதோ, அந்தத் தாளுக்குத் தெரியாது. அதனால் மாதத்தோடு சேர்த்துத்தான் 86 என்று எழுதலாம். தண்ணீர் வடிக்காதது வெறும் ஊகம். ஊகத்தை எழுதாமல், வயலுக்கு ஆள் அனுப்புகிறோம் என்று மாற்றினேன். எதிர்க்கடையையும் வக்கீலையும் அடித்துவிட்டேன்.

போட்டது இதுதான்:

“வீடியோவில் உள்ளது நாங்கள் விற்ற விதை. மார்ச் சோதனையில் 86 சதவீதம் முளைத்தது. இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியாததால் இந்த லாட் விற்பனையை நிறுத்தியிருக்கிறோம். நாளை காலை எங்கள் ஆள் வயலுக்கு வருவார். கடையில் மீதியுள்ள மூட்டையிலிருந்தும், நாங்கள் எடுத்து வைத்த மாதிரியிலிருந்தும் சோதனைக்குக் கொடுக்கிறோம். முளைப்பை எண்ணி முடிக்க 14 நாள் ஆகும். முடிவை இங்கேயே போடுவோம். அதுவரை காத்திருந்தால் பட்டம் தவறும் என்பதால் மாற்று விதை இப்போதே தருகிறோம். முடிவு எதுவானாலும் அதற்குப் பணம் கேட்க மாட்டோம். இதே லாட் வாங்கியவர்கள் மிச்ச விதையை ஊறப்போடாமல் அழையுங்கள்.”

முதலாளி பிடித்துக்கொண்டது கடைசிக்கு முந்திய வரியை. “மாத்திக் கொடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி இல்லையா?” என்றார். ‘முடிவு எதுவானாலும்’ என்ற இரண்டு சொல் அதற்காகத்தான் இருக்கிறது என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. “ஒருத்தர்தான் சொல்லியிருக்கிறார்” என்பதைச் சேர்க்கச் சொன்னார், மறுத்தேன். உண்மையே ஆனாலும், வாசிப்பவர் காதில் அது அந்த விவசாயியைப் பொய்யர் என்றுதான் விழும். கடைசி வரியைப் பார்த்து மூன்று பேர் கூப்பிட்டார்கள், ஆக எண்ணிக்கையும் தப்பாகியிருக்கும்.

முடிவு இரண்டு விதமாக வந்தது. எங்கள் மாதிரி 83, கடை மூட்டை 68. போய்ப் பார்த்தால் கட்டை போடாமல் சிமெண்ட் தரையிலேயே அடுக்கியிருந்தார் டீலர். இரண்டு எண்ணையும் போட்டோம். டீலரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் கொடுத்ததும் நாங்கள்தானே. விவசாயி வீடியோவை நீக்கவில்லை, ஆனால் அடியில் எங்கள் அறிக்கையை அவரே ஒட்டியிருந்தார்.

இந்த முறை தோற்ற இடமும் உண்டு. போன வருஷம் நான் பிரிண்ட் எடுப்பதற்குள், ராத்திரி பதினொரு மணிக்கு முதலாளியே கமெண்டில் இறங்கிவிட்டார். அதை அழித்தோம், ஸ்கிரீன்ஷாட் அழியவில்லை. மறுநாள் அறிக்கை விதையைப் பற்றித் தொடங்க முடியவில்லை. நேற்று எழுதியது எங்கள் நிறுவனர்தான், எழுதியிருக்கக் கூடாது என்றுதான் தொடங்க வேண்டியிருந்தது. விதையைப் பற்றிச் சொன்னதை அப்புறம் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இந்தக் குறுவைக்கு ஒரு புகார் வந்தது. குழுவில் முதலில் விழுந்த செய்தி: “தம்பி, பேனாவை எடுத்துக்க. திட்டப்போறேன்.”