கோடு மட்டும் போதுமா, கோட்டின் மேல் சொல்லும் வேண்டுமா?

பட்டர்வொர்த்தில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை மூன்று விதமாக வரைந்து பார்த்தார்கள். மன வரைபடம், பள்ளியில் பழகிய ஐ-திங்க் நிரலொழுங்கு வரைபடம், அப்புறம் கோட்டின் மேல் இணைப்புச் சொல் எழுதும் கருத்து வரைபடம்.

மன வரைபடம்தான் வேகம். நடுவில் 'ஒளிச்சேர்க்கை', சுற்றிலும் வண்ணக் கிளைகள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தேர்வுக்கு முந்தைய இரவு அதுவே போதும். நிரலொழுங்கு வரைபடம் எது முதலில், எது பிறகு என்பதைக் காட்டும். அது தேவைப்படும் இடத்தில் அதை மிஞ்ச எதுவுமில்லை.

ஆனால் இரண்டிலும் கோடு ஊமை. ஒரு பையன் கரிவளியிலிருந்து உயிர்வளிக்குக் கோடு போட்டிருந்தான். மன வரைபடத்தில் அது தப்பாகவே தெரியவில்லை. மஹ்ஜோங் பேப்பரில் கருத்து வரைபடம் போட்டபோது அந்தக் கோட்டின் மேல் ஏதாவது எழுதியாக வேண்டுமே. 'மாறிக் கிடைப்பது' என்று எழுதினான். படித்துப் பார்த்தால்: 'கரிவளி மாறிக் கிடைப்பது உயிர்வளி'. தப்பு அங்கேயே வெளியே வந்துவிட்டது. இலை வெளிவிடும் உயிர்வளி நீர் பிளவுபடுவதால் வருவது. 1941இல் ரூபன், கேமன் குழுவினர் கனமான ஆக்சிஜன் அணுவைக் கொண்டு அதைக் கண்டறிந்தார்கள். பையன் அம்புக்குறியை அழித்துவிட்டு, 'நீர் – பிளந்து வெளிவருவது – உயிர்வளி' என்றும், 'கரிவளி – கரிமம் தந்து உருவாக்குவது – குளுக்கோஸ்' என்றும் போட்டான்.

தமிழில் வரையும்போது ஒரு சிக்கல் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழு 1970களில் உருவாக்கிய கருத்து வரைபட முறையில் கருத்து, இணைப்புச் சொல், கருத்து என்ற வரிசையில் வாசிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். நம் வினைச்சொல்லோ கடைசியில் வரும். 'பச்சையம் – உறிஞ்சுகிறது – ஒளி' என்று எழுதினால் வாசிக்க நொண்டுகிறது. 'பச்சையம் – உறிஞ்சுவது – ஒளி' என்று எழுதிப் பாருங்கள், முழு வாக்கியம். வினையை 'உறிஞ்சுவது', 'வெளியிடுவது', 'சேமிக்கும் வடிவம்' என்று மாற்றினால் பெட்டிக்குள் இருக்கும் சொல்லில் கை வைக்கவே வேண்டாம்.

நான் செய்யும் முறை இது: 'இலை தன் உணவை எப்படித் தயாரிக்கிறது?' என்ற கேள்வியை மேலே எழுதுவோம். பன்னிரண்டு சொற்களைத் துண்டுத்தாளில் வெட்டி, நகர்த்தி அடுக்குவோம். இடம் அமைந்த பிறகே பென்சிலில் கோடு. இருபது சொற்களைத் தாண்டினால் தாள் சிலந்தி வலையாகிவிடும், பாடத்தைப் பிரித்துவிடுவது நல்லது. எப்படியும் நாற்பது நிமிடம் பிடிக்கும், அதனால் எல்லாப் பாடத்துக்கும் நான் இதைப் போடுவதில்லை.

ஒரு சொல்லுக்கு மட்டும் தடை: 'தொடர்புடையது'. ஒளிக்கும் குளுக்கோஸுக்கும் நடுவே அதை எழுதினால் எதுவும் சொன்னதாகாது. 'ஒளி – ஆற்றல் தந்து உருவாக்க உதவுவது – குளுக்கோஸ்' என்று எழுதும் வரை பையனை விடமாட்டேன்.